ஓலையனின் நான்கு கூடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஓலையனின் நான்கு கூடுகள்' பத்து முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர்களுக்காக நான் எழுதிய சிறுகதை. அதைப் படித்த பிள்ளைகளும், அவர்களுக்கு வாசித்துக் காட்டிய பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

கதையை இன்னும் படிக்கவில்லை. என்ன நடக்கிறது?

ஓலையன் ஒரு இளம் ஆண் தூக்கணாங்குருவி. கதை இரண்டு மழைக்காலங்களில் நடக்கிறது. முதல் மழைக்காலத்தில் அவனுக்கு இன்னும் மஞ்சள் தொப்பி வரவில்லை. பெண்குருவியைப் போலப் பழுப்பாகவே இருக்கிறான். அப்போது கட்டும் இரண்டு கூடுகளும் போய்விடுகின்றன. ஒன்று தானாக அவிழ்ந்து விழுகிறது, இன்னொன்றைக் காற்று பிய்த்துவிடுகிறது. அடுத்த மழைக்காலத்தில் தலை மஞ்சளாகிறது, முகம் கறுக்கிறது. மூன்றாவது கூட்டை நன்றாகவே கட்டுகிறான். ஆனால் பார்க்க வரும் பெண்குருவிகள் எல்லாம் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. நான்காவது கூட்டோடு கதை முடிகிறது.

முதல் கூடு ஏன் விழுந்துச்சு? அவன் நிறைய முடிச்சுப் போட்டானே?

முடிச்சுகள் நிறைய இருந்தன. ஆனால் அவன் போட்டது பெரும்பாலும் காய்ந்த புல்லில்.

தூக்கணாங்குருவி நார் எடுக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். நெற்பயிரிலோ நீளமான புல்லிலோ பனையோலையிலோ போய் உட்காரும். இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைக்கும். வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். பறக்கும் வேகத்தில் நீளமான மெல்லிய கீற்று தானாகக் கிழிந்து வரும். இப்படி வரும் கீற்றுகள் 20 சென்டிமீட்டர் முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். அந்த முதல் வெட்டு சரியாக விழாவிட்டால் ஒன்று கீற்று பாதியில் அறுந்துவிடும், இல்லாவிட்டால் இலை முழுதாக இழுத்துக்கொண்டு வரவே வராது. ஓலையனுக்கு இரண்டுமே நடக்கின்றன. அலுத்துப்போய், கீழே கிடக்கும் வைக்கோலைப் பொறுக்க ஆரம்பிக்கிறான். அது சுலபமாகக் கிடைக்கிறது.

அங்கேதான் பிசகு. கிளையில் ஒரு கீற்றைக் கட்ட, ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை அலகால் கிளையைச் சுற்றி இழுத்து, சுற்றின் அடியில் செருகி, மறுபக்கம் வந்து பிடித்து இழுக்க வேண்டும். பச்சைக் கீற்று வளைந்து கொடுக்கும். இறுக்கிச் சுற்றினால், காய்ந்த பிறகும் அதே வளைவில் நின்றுவிடும். காய்ந்தது அப்படியில்லை. வளைக்கிற இடத்தில் முறியும், அல்லது விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். கதையில் அந்த இடம் இப்படி வருகிறது:

"மூன்றாம் நாள் காலையில் ஓலையன் வந்தபோது கட்டு ஒரு சுற்று அவிழ்ந்திருந்தது. மறுபடி சுற்றினான். சுற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டு அவிழ்ந்தது. அதைப் பிடிக்கப் போனான். எல்லாம் சேர்ந்து ஒரு சிறு கற்றையாகத் தண்ணீரில் விழுந்து, மெல்ல நகர்ந்து போனது. அதில் ஒரே ஒரு கீற்று மட்டும் பச்சையாக இருந்தது. அது மட்டும் இன்னும் கிளையைச் சுற்றிக்கொண்டிருந்தது."

அந்தக் கடைசி வரியை எழுத எனக்குப் பல நாள் ஆனது. பச்சைதான் நல்லது என்று கதையில் யாரும் சொல்வதில்லை. கிளையில் மிச்சமிருக்கும் அந்த ஒரு கீற்றை வாசிப்பவர் பார்த்துவிட்டால் எனக்குப் போதும். ஓலையனும் அதைத்தான் பார்க்கிறான். அடுத்த பக்கத்தில் அவன் வைக்கோல் பக்கமே போகவில்லை.

நிஜக் குருவி இப்படியெல்லாம் தப்புப் பண்ணுமா? அதுக்குப் பிறக்கும்போதே தெரியாதா?

கூடு கட்ட வேண்டும் என்ற உந்துதல் பிறவியிலேயே வருவது. எதையாவது கொத்தி, கவ்வி, சுற்றிப் பார்க்கும் பழக்கமும் அப்படித்தான். ஆனால் கை தேர்வதற்குப் பழக்கம் வேண்டும் (இங்கே கை என்பது அலகும் காலும்).

நிக்கோலஸ் காலியாஸ், எல்சி காலியாஸ் என்ற ஆய்வாளர் தம்பதி ஆப்பிரிக்காவில் வாழும் ஒரு நெசவுக்குருவி இனத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1964-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். சில ஆண்குஞ்சுகளைக் கூடு கட்டும் பொருள் எதுவும் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். பிறகு பச்சைப் பொருளைக் கொடுத்தபோது, அவை கீற்றுக் கிழிக்கவும் பின்னவும் மற்றவற்றைவிட மிகவும் திணறின. இன்னொன்றும் கவனித்தார்கள். குஞ்சுகள் முதலில் கிடைத்ததை எல்லாம் கொத்திப் பார்க்கும். போகப் போகத்தான் பச்சையாகவும் வளையக்கூடியதாகவும் இருப்பதைத் தேடி எடுக்கும். ஓலையனின் வைக்கோல் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

2011-இல் போட்ஸ்வானாவில் வாழும் இன்னொரு நெசவுக்குருவி இனத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஒரே ஆண்குருவி ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குத் தன் முறையை மாற்றிக்கொண்டது. கட்டக் கட்ட, புல்லைக் கீழே தவறவிடுவதும் குறைந்தது. எந்திரம் மாதிரி ஒரே முறையில் கட்டும் பறவையாக இருந்தால் இது நடக்காது.

நம் தூக்கணாங்குருவிகளிலும் இளம் ஆண்கள் ஒழுங்கற்ற, அரைகுறைக் கூடுகளைக் கட்டிப் பார்ப்பது உண்டு. ஒரு மரத்தில் அழகான கூடுகளுக்கு நடுவே கந்தலாக ஒன்று தொங்கினால், அது ஒரு ஓலையனுடையதாக இருக்கலாம்.

தாய்க்குருவிதானே கூடு கட்டும்?

இல்லை, ஆண்தான். பெண் பிறகு உள்ளே மட்டும் கொஞ்சம் சீர்செய்துகொள்ளும். என் முதல் படியில் நானும் தாய்க்குருவி என்றுதான் எழுதியிருந்தேன். உண்மை தெரிந்த பிறகு கதை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியது நல்லதாயிற்று. கட்டுவது ஒருவர், ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது இன்னொருவர் என்று ஆனதால்தான் மூன்றாவது கூடு கதைக்குள் வந்தது.

இரண்டாவது கூட்டில் பச்சை நார்தானே போட்டான்? அது ஏன் போச்சு?

நார் சரி, முடிச்சு சரி. இடம்தான் சரியில்லை.

கூடு கட்டும் தூக்கணாங்குருவி முதலில் கிளையிலோ ஓலை நுனியிலோ கெட்டியாக ஒரு பிடிப்பைக் கட்டும். அதிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு வளையம் பின்னும். அந்த வளையத்துக்குள் தானே நின்றுகொண்டு, எட்டும் தூரம்வரை சுற்றிப் பின்னிக்கொண்டு போகும். ஓலையன் இரண்டாவது தடவை வளையம்வரை வந்துவிடுகிறான். அதில் நின்று ஊஞ்சல் ஆடுகிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆனால் அவன் பிடித்தது மரத்தின் மேற்குப் பக்கம். அந்தப் பக்கம் காலியாக இருந்ததால் சண்டையில்லாமல் கிடைத்தது. மழைக்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தூக்கணாங்குருவிக் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் தொங்குவதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றை மரமே மறைத்துக்கொள்ளும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இந்தத் தோல்வி முதலாவதைப் போல அல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் கூட்டில் அவன் கையே குறை. இரண்டாவதில் கை நன்றாகத்தான் வேலை செய்தது. அந்தப் பக்கம் ஏன் காலியாக இருந்தது என்று அவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்தடுத்த தோல்விகள் ஒரே வகையாக இருந்தால் கதை நகராது. நாலு தடவை முடிச்சு அவிழ்ந்து ஐந்தாவது தடவை நின்றது என்று எழுதினால், விடாமுயற்சி தெரியும், ஆனால் அவன் என்ன கற்றான் என்பது தெரியாது.

மூன்றாவது கூட்டில் என்ன தப்பு? பெண்குருவிகள் ஏன் வேண்டாம்னு போச்சு?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சிலர் கோபமாகவே கேட்டார்கள்.

முதலில் குருவியின் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆண் முழுக் கூட்டையும் கட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை. பாதியில் நிறுத்தும். அப்போது கூடு ஒரு தலைக்கவசத்தைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பறவை பார்ப்பவர்கள் அதை 'ஹெல்மெட்' என்றே சொல்வார்கள். அடியில் குறுக்கே ஒரு பட்டை ஓடும், தலைக்கவசத்தின் தாடைவார் மாதிரி. பட்டையின் ஒரு பக்கம் பிறகு முட்டை அறையாகும், மறு பக்கம் வாசலாகும். இந்தக் கட்டத்தில் ஆண் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூவும். பெண்குருவிகள் வந்து பட்டையில் உட்கார்ந்து, மேலே கீழே பார்த்து, நாரை இழுத்துப் பார்க்கும். ஒருத்திக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு வளரும். பிடிக்காவிட்டால் ஆண் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று தொடங்கும். கந்தலாக இல்லாமல் நன்றாகவே பின்னிய பாதிக் கூடுகள் மரத்தில் தொங்குவது இதனால்தான்.

சரி, ஓலையனின் கூட்டில் என்ன குறை? கதையில் இரண்டு தடயங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, அந்தக் கூடு தாழ்வான ஓலையில், அடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஓணான் அந்த அடிமரத்தில் ஏறுவது இரண்டு பத்திகளுக்கு முன்பே வந்துவிடுகிறது. இன்னொன்று, முதல் பெண்குருவி வந்து பட்டையில் உட்காரும்போது பட்டை ஒரு பக்கமாகத் தாழ்கிறது. இரண்டில் எது காரணம்? ஓலையனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பெண்குருவி காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. வந்தாள், இழுத்துப் பார்த்தாள், பறந்துவிட்டாள். இவனுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

இந்த வயதுப் பிள்ளைகளால் இதைத் தாங்க முடியும் என்று நான் நம்புகிறேன். சிறு குழந்தைகளுக்கான கதையில் தோல்விக்குக் காரணம் உடனே கிடைத்துவிடும். பத்து, பதினொன்று வயதில், நன்றாகச் செய்தும் ஏன் சரியாக வரவில்லை என்று புரியாத நாட்கள் அவர்களுக்கே வந்திருக்கும். அதற்காகத்தான் மூன்றாவது கூட்டை எழுதினேன்.

ஓலையன் அப்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள். மூன்று நாள் எதுவும் கட்டவில்லை. பக்கத்துக் கூடுகளில் பெண்குருவிகள் எங்கே உட்காருகின்றன, எதை இழுத்துப் பார்க்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். பிறகு தன் பட்டையில் தானே போய் உட்காருகிறான். ஒரு பக்கம் தாழ்கிறது. மறு பக்கம் நகர்ந்து உட்காருகிறான். அப்போதும் தாழ்கிறது. அவ்வளவுதான், விளக்கம் எதுவும் இல்லை. நான்காவது கூட்டில் இரண்டையும் மாற்றிவிடுகிறான்: உயரமான ஓலை, இரட்டைப் பட்டை. எது உதவியது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

வயசான ஒரு குருவி வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே?

இரண்டாவது படியில் அப்படி ஒரு தாத்தா குருவி இருந்தது. "தம்பி, பச்சை நாரை எடு, கிழக்குப் பக்கம் கட்டு" என்று அழகாகச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா வந்த இடத்திலிருந்து அவர்களுக்கு ஓலையன் மேலிருந்த கவனம் போய்விட்டது. தாத்தாவுக்கு எல்லாம் தெரியும், அப்புறம் கதையில் என்ன மிச்சம்? அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

அதற்காக ஓலையன் தனியாக இல்லை. தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கட்டுபவை. ஒரே மரத்தில் சுற்றிலும் கைதேர்ந்த ஆண்கள் வேலை செய்துகொண்டிருக்கும். பார்ப்பதற்கு அவனுக்கு எல்லாம் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. தோல்விக்கு முன்னால் அவன் பார்த்தும் கவனிக்காத ஒன்றை, தோல்விக்குப் பின்னால் கவனிக்கிறான். கிழக்குப் பக்கக் கூடுகள் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. இரண்டாவது கூடு போன பிறகுதான் அவன் கண் அங்கே நிற்கிறது. நீங்கள் இப்படி ஒரு கதை எழுதினால், சொல்லிக்கொடுக்கும் பாத்திரத்தை எடுத்துவிட்டு, அது சொல்லியிருக்கக்கூடியதைக் காட்சியில் எங்காவது முன்கூட்டியே வைத்துப் பாருங்கள்.

கூட்டில் களிமண் ஒட்டுவது எதற்கு? மின்மினியை விளக்காக வைக்குமாமே?

ஹெல்மெட் கட்டத்தில் உட்சுவரில் ஈர மண்ணை அப்புவது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைக்கும் என்பது பழைய நம்பிக்கை. மண்ணால் கனம் கூடி, காற்றில் கூடு ஆடுவது குறையும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மின்மினி எவ்வளவு அழகாக இருந்தாலும் கதையில் சேர்க்கவில்லை. ஓலையன் செய்வதெல்லாம் ஒரு தூக்கணாங்குருவி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

கூடு கட்ட எத்தனை நாள் ஆகும்? கதையில் நாள் கணக்குச் சரியா?

ஹெல்மெட் கட்டம்வரை ஏறக்குறைய 8 நாள், முழுக் கூட்டுக்கு 18 நாள் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு கூட்டுக்கு 500 தடவைவரை பறந்து போய் நார் கொண்டுவர வேண்டியிருக்கும். ஓலையனின் மூன்றாவது கூட்டுக்குப் பதினொரு நாள் கொடுத்தேன், புதியவன் என்பதால். ஒரே மழைக்காலத்தில் நான்கையும் அடக்காமல் இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் வயது. ஆண்குருவி இணை சேரும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். முதல் இரண்டு கூடுகளையும் பார்க்க எந்தப் பெண்குருவியும் வராததற்கும் அதுதான் காரணம்.

வகுப்பில் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். கதையின் முதல் பாதியைப் படித்துவிட்டு, மூன்றாவது கூட்டுக்கு முன்னால் செய்தால் நன்றாக இருக்கும்.

ஒரு பென்சிலை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி ஒட்டுங்கள். அதுதான் கிளை. அலகுக்குப் பதிலாக, துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை ஒரு கையில் கொடுங்கள். மறு கையின் கட்டைவிரல் மட்டும் காலாக இருக்கட்டும், அது அழுத்திப் பிடிக்கலாம், வேறெதுவும் செய்யக்கூடாது. ஒரு சாண் நீளப் பச்சைப் புல், இரண்டு சாண் நீளப் பச்சைப் புல், இரண்டு சாண் நீளக் காய்ந்த புல் என்று ஆளுக்கு மூன்று கொடுங்கள். சுற்றி, அடியில் செருகி, இழுத்து, விட்டுவிட வேண்டும்.

காய்ந்தது செருகும் இடத்தில் முறியும். முறியாவிட்டால் கிளிப்பை எடுத்தவுடன் விரிந்துகொள்ளும். ஒரு சாண் புல் இரண்டு சாண் புல்லைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும், செருகுவதற்கு முனை குறைவாகவே மிஞ்சும். இரண்டு சாண் பச்சைப் புல் நிற்கும். ஆனால் அதை அப்படியே விட்டு மறுநாள் பாருங்கள். புல் காய்ந்து சுருங்கியிருக்கும். இறுக்கிச் சுற்றியவர்களின் கட்டு அப்படியே இருக்கும், தளர்வாகச் சுற்றியவர்களுடையது பென்சிலில் வழுக்கும். முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

இதற்காக மரத்திலிருந்து கூட்டைப் பறித்துவர வேண்டாம். வெறும் கூடு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கலாம், கீழேயிருந்து தெரியாது.

நான்காவது கூட்டில் முட்டை வெச்சுதா? ஏன் அதைச் சொல்லாமலே முடிச்சிட்டீங்க?

வைத்திருக்கும். தூக்கணாங்குருவி 2 முதல் 4 வரை வெள்ளை முட்டைகள் இடும், பெண்ணே அடைகாக்கும். ஆனால் அது அவளுடைய கதை. ஓலையனின் கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கடைசிக் காட்சியில் அவள் பட்டையில் உட்காருகிறாள். பட்டை தாழவில்லை. நாரை இழுக்கிறாள். பறந்து போகிறாள். ஓலையன் மறுபடி பட்டையைப் பார்க்கிறான். சற்று நேரத்தில் அவள் திரும்பி வருகிறாள், அலகில் ஒரு மெல்லிய கீற்றோடு. அதை உள்ளே வைத்துச் செருகுகிறாள். அவன் வயலுக்குப் பறக்கிறான். வாசல் பக்கத்து நீண்ட குழலைப் பின்ன ஆரம்பிக்க வேண்டும், அதற்கு இன்னும் பத்து நாள் வேலை இருக்கிறது.

மூன்றாவது கூடு என்ன ஆச்சு?

அங்கேயே தொங்குகிறது. தூக்கணாங்குருவிகள் கைவிட்ட கூடுகளைச் சில சமயம் சில்லைகள் என்ற சிறு பறவைகள் எடுத்துக்கொள்வது உண்டு. நீங்கள் கேட்ட பிறகு, அடுத்த பதிப்பில் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிறியதாக ஒரு சில்லையை வரையச் சொல்லியிருக்கிறேன். பட்டையில் உட்கார்ந்திருக்கும். பட்டை ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருக்கும்.